பக்கம் இருபத்து மூன்றா, அறுபத்து மூன்றா?

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் வகுப்பாசிரியையின் வாய்ஸ் நோட் வருகிறது. இரண்டு நிமிடம்கூட இல்லை. நாளைய ஹோம்வொர்க், அடுத்த வாரத் தேர்வின் போர்ஷன், டயரியில் கையெழுத்து எல்லாம் அதற்குள் அடக்கம். நாற்பது பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தி, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு உட்காரும் ஆசிரியைக்குத் தட்டச்சு செய்வதைவிடப் பேசிவிடுவது சுலபம். தமிழ் தெரிந்த பெற்றோர் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டுவிடுவார்கள்.

அதே குழுவில் தமிழே தெரியாத பெற்றோரும் இருக்கிறார்கள். புவனேஸ்வரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அலுவலர், குவாஹாட்டியிலிருந்து வந்து மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாய் என்று சென்னை, கோவைப் பள்ளிகளில் இப்படிப் பலர். ஆங்கிலம் நன்றாகப் படிப்பார்கள். ஆனால் 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் அவர்களுடைய பிள்ளைக்குத் தமிழும் கட்டாயப் பாடம். பிள்ளை தமிழில் தேர்வு எழுத வேண்டும். அதற்கான அறிவிப்பு தமிழில் வருகிறது. கேட்கும் பெற்றோருக்கு ‘பேஜ் நம்பர்’, ‘மேத்ஸ்’ என்று இடையிடையே வரும் சில சொற்கள் மட்டும் பிடிபடுகின்றன.

பக்கத்து வீட்டிலோ இன்னொரு பெற்றோரிடமோ கேட்பார்கள். நாமும் சொல்வோம்: “கொஞ்சம் மேத்ஸ் ஹோம்வொர்க், புதன்கிழமை டெஸ்ட் ஆரம்பம், அவ்வளவுதான்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு அந்தத் தாய் இன்று இரவு எந்தப் புத்தகத்தை எடுப்பார், எந்தப் பக்கத்தைத் திறப்பார்? ஒரு வாய்ஸ் நோட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இந்தக் கேள்விதான். நம் செய்தியைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாமல், அந்தப் பெற்றோர் சரியான பக்கத்தைத் திறந்து, எது வரை படித்தால் போதும் என்று தெரிந்து புத்தகத்தை மூட முடிய வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் இது கைகூடாது. எண், நாள், எல்லை, யார் செய்ய வேண்டும் என்கிற நான்கையும் பிழையில்லாமல் கடத்தினால் கைகூடும்.

ஒரு பதிவை முழுதாக எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியது இது. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு பேச்சும் வகுப்புக் குழுக்களில் வழக்கமாகக் கேட்பதுதான். அனுப்பிய நாள் ஜூலை 11, வெள்ளி.

“குட் ஈவினிங் பேரன்ட்ஸ். நாளைக்கு சாட்டர்டே ஸ்கூல் இருக்கு, மண்டே டைம்டேபிள்தான் ஃபாலோ பண்றோம், அதுக்கேத்த மாதிரி புக்ஸ் வச்சு அனுப்புங்க. மேத்ஸ் ஹோம்வொர்க், பேஜ் நம்பர் அறுவத்தி மூணுல அஞ்சு கணக்கு இருக்கும், அதுல மொத மூணு கிளாஸ்லயே போட்டாச்சு, மீதிய போட்டுட்டு வரட்டும். ரஃப் நோட்ல போட்டா போதும். ஃபேர் நோட்ல இப்ப எழுத வேணாம், நான் பாத்துட்டுத்தான் எழுதணும். தமிழ்ல மனப்பாடப் பாட்டு எட்டு வரி, வீட்ல ஒரு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு டயரில சைன் பண்ணி அனுப்புங்க. போன டிக்டேஷன்ல அஞ்சு மார்க்குக்குக் கீழ வாங்குனவங்க மட்டும் அந்த வேர்ட்ஸ மூணு தடவ எழுதிட்டு வரணும். அப்புறம் மிட் டெர்ம் போர்ஷன். டெஸ்ட் வர்ற புதன்கிழமை ஆரம்பிக்குது. புதன் தமிழ், வியாழன் இங்கிலீஷ், ஒரு நாள் விட்டு மேத்ஸ். தமிழ் ரெண்டாவது பாடம் வரைக்கும், புக் பேக் ஃபுல்லா, இலக்கணம் வராது. இங்கிலீஷ் யூனிட் ஒன் மட்டும், சப்ளிமென்டரி கிடையாது... இல்ல இல்ல, சப்ளிமென்டரி உண்டு, பொயம்தான் கிடையாது. மேத்ஸ்ல ஜியோமெட்ரி முடிச்சாச்சு, நம்பர்ஸ் மண்டே முடிச்சிருவேன், அதுவும் சேத்துதான். தேங்க் யூ.”

முதல் தடவை கேட்கும்போது எதையும் எழுத வேண்டாம். பேச்சில் திருத்தம் பின்னால் வரும். ‘சப்ளிமென்டரி கிடையாது’ என்றதும் எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறவர், ‘இல்ல இல்ல’ என்பதைத் தவறவிடுவார். முழுவதும் கேட்ட பிறகு, இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தமிழிலேயே குறிப்பெடுப்பது நல்லது. காதில் விழுந்ததை உடனே ஆங்கிலமாக்கினால், சரியாகக் கேட்டோமா என்று பின்னால் சரிபார்க்கத் தமிழ்க் குறிப்பு இருக்காது.

எண்ணைக் காது மட்டும் நம்பக் கூடாது

இந்தப் பதிவில் மிக எளிதாகத் தவறும் இடம் பக்க எண். பேச்சில் இருபது ‘இருவது’ ஆகிறது, அறுபது ‘அறுவது’ ஆகிறது. ரகரமும் றகரமும் பெரும்பாலானோர் பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆகவே ‘இருவத்தி மூணு’, ‘அறுவத்தி மூணு’ இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதல் எழுத்தான இகரமும் அகரமும் மட்டுமே. ‘பேஜ் நம்பர்’ என்பதோடு ஒட்டி வேகமாகச் சொல்லும்போது, பின்னணியில் மின்விசிறி ஓடினாலும் குழந்தை அழுதாலும் அந்த ஓர் உயிரொலி அமுங்கிவிடும்.

ஆசிரியர்கள் பக்க எண்ணை ஆங்கிலத்தில் சொன்னாலும் சிக்கல் தீர்வதில்லை. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’, ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ என்று வால் மட்டும் வேறுபடும் சொற்கள் அங்கே இருக்கின்றன. இன்னொரு இடறல் ‘ஆவது’ என்பதில். ‘ரெண்டு கொஸ்டின்’ என்றால் இரண்டு கேள்விகள். ‘ரெண்டாவது கொஸ்டின்’ என்றால் ஒரே கேள்வி. ‘மொத மூணு’ என்பதும் ‘மூணாவது’ என்பதும் அப்படித்தான். அவசரமாகக் கேட்கும் காதுக்கு இவை மாறிப் போகும்.

இதற்கு மருந்து திரும்பத் திரும்பக் கேட்பது அல்ல. ஒரு தடவை தவறாகக் கேட்ட காது பத்தாம் தடவையும் அதையே கேட்கும். புத்தகத்தைத் திறந்து பார்ப்பதுதான் வழி. நம் வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பென்றால் புத்தகம் கையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் அந்தப் பெற்றோரிடம் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். ஆசிரியை பக்க எண்ணோடு இன்னொரு தடயமும் கொடுத்திருக்கிறார்: அந்தப் பக்கத்தில் ஐந்து கணக்குகள் இருக்கும், அவற்றில் மூன்றை வகுப்பில் போட்டாயிற்று. 23-ஆம் பக்கத்தில் படமும் விளக்கமும் மட்டும் இருந்து, 63-ஆம் பக்கத்தில் ஐந்து கணக்குகள் கொண்ட பயிற்சி இருந்தால் எண் 63-தான். பிள்ளையின் வகுப்பு நோட்டில் அந்தப் பயிற்சியின் முதல் மூன்று கணக்குகள் போடப்பட்டிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்படிச் சரிபார்த்தபின், ‘மீதி’ என்பதை ‘மீதி’ என்றே ஆங்கிலத்தில் எழுத வேண்டியதில்லை. மீதி என்றால் நான்காவது, ஐந்தாவது கணக்குகள். அதையே எண்ணாக எழுதுங்கள். வகுப்பில் என்ன நடந்தது என்று அறியாத பெற்றோருக்கு ‘மீதி’ எதிலிருந்து மீதி என்று எப்படித் தெரியும்?

புத்தகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பருவத்துக்கு ஒரு தொகுப்பாகப் புத்தகம் வருகிறது. கணக்குப் பாடத்தில் இரண்டாம் பருவப் புத்தகமும் பாடம் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். ஒரே தலைப்பு இரு பருவங்களில் வருவதும் உண்டு. உள்ளூர்ப் பெற்றோருக்கு ஜூலையில் எது நடக்கிறது என்பது தானாகவே தெரியும். வெளியூர்ப் பெற்றோருக்கு ‘முதல் பருவப் புத்தகம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதினால், அலமாரியில் வேறு புத்தகத்தைத் தேடும் சிரமம் மிஞ்சும்.

இரண்டு திங்கட்கிழமைகள்

பதிவில் ‘மண்டே’ இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டும் ஒரே நாள் இல்லை. ‘மண்டே டைம்டேபிள்’ என்பது சனிக்கிழமை நடக்கப் போவது. விடுமுறையில் விட்டுப்போன நாளை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி வைத்து, வேறொரு கிழமையின் பாடவேளைகளை நடத்துவது நம் பள்ளிகளில் வழக்கம். ‘நம்பர்ஸ் மண்டே முடிச்சிருவேன்’ என்பதில்தான் உண்மையான திங்கட்கிழமை, ஜூலை 14. முதலாவதை அரைகுறையாக எழுதினால், வகுப்பு திங்கட்கிழமைதான் என்று எண்ணிப் பிள்ளையைச் சனிக்கிழமை வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே அதை இரண்டு செய்தியாக உடைக்க வேண்டும்: சனி, ஜூலை 12, பள்ளி உண்டு, பையில் வைக்க வேண்டியவை திங்கட்கிழமை கொண்டுபோகும் புத்தகங்கள்.

‘நாளைக்கு’ என்பதும் இப்படித்தான். ஆசிரியை வெள்ளி இரவு பேசினார். அந்தத் தாய் இரவுப் பணி முடித்து வந்து சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நம்மிடம் கேட்கிறார். ‘டுமாரோ’ என்று எழுதினால் அது ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். ஆகவே முதலில் பதிவு வந்த நாளையும் நேரத்தையும் பார்த்து, அதிலிருந்து எண்ணி, தேதியும் கிழமையும் சேர்த்து எழுத வேண்டும். ‘வர்ற புதன்’, ‘அடுத்த புதன்’ இரண்டுக்கும் இதே விதி. வெள்ளிக்கிழமை சொன்ன ‘வர்ற புதன்’ ஜூலை 16 என்பதில் குழப்பமில்லை. திங்கட்கிழமை ஒருவர் ‘அடுத்த புதன்’ என்றால் நாளை மறுநாளா, அதற்கு அடுத்த வாரமா என்று தமிழ் தெரிந்தவர்களே கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் ‘நெக்ஸ்ட் வெட்னஸ்டே’ என்று எழுதினால் குழப்பத்தை அப்படியே கடத்துகிறோம். தேதியாக எழுதினால் தீர்க்கிறோம்.

தேதியாக எழுத முயலும்போதுதான் இந்தப் பதிவில் ஒளிந்திருக்கும் ஓட்டை தெரிய வரும். புதன் 16 தமிழ். வியாழன் 17 இங்கிலீஷ். ‘ஒரு நாள் விட்டு மேத்ஸ்’ என்றால் வெள்ளி 18-ஐ விட்டு சனி 19. அந்தச் சனிக்கிழமையும் பள்ளி உண்டா? இல்லையென்றால் வேலை நாளில் ஒரு நாள் விட்டு, திங்கள் 21-ஆ? பதிவை எத்தனை முறை கேட்டாலும் இதற்கு விடை அதில் இல்லை. இதை நாமாக முடிவு செய்யக் கூடாது. தனியே குறித்து வைத்துக்கொள்வோம்.

எது வரும், எது வராது

போர்ஷன் என்பது ஓர் எல்லைக்கோடு. உள்ளே இருப்பதை விட்டால் மதிப்பெண் போகும்; வெளியே இருப்பதைப் படித்தால் பிள்ளையின் இரவு போகும். எனவே இங்கே மிகுந்த கவனம் வேண்டும்.

‘ரெண்டாவது பாடம் வரைக்கும்’ என்று தமிழில் சொன்னால் இரண்டாவது பாடமும் சேர்த்தி என்பதே வகுப்பறை வழக்கு. ஆங்கிலத்தில் ‘அப் டு லெசன் டூ’ என்று எழுதினால், இரண்டாம் பாடம் உண்டா இல்லையா என்று படிப்பவர் நின்று யோசிப்பார். ‘பாடம் 1, பாடம் 2’ என்று எண்ணி எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மூன்று, நான்கு பாடங்கள் என்றாலும் எல்லா எண்களையும் எழுதுங்கள். ஒரு வரிக்கு மேல் ஆகாது.

‘இலக்கணம் வராது’ என்பதில் வருவதும் வராததும் தேர்வுக்கு. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இலக்கணம் நடந்து வராது என்பதுபோல் ஆகும். ‘இலக்கணத்திலிருந்து கேள்வி இல்லை’ என்பதே பொருள். இங்கிலீஷில் ஆசிரியை தன்னைத் தானே திருத்திக்கொள்கிறார். கடைசியாகச் சொன்னதே கணக்கு: சப்ளிமென்டரி உண்டு, பொயம் இல்லை. முதலில் சொன்னதையும் திருத்தியதையும் சேர்த்து எழுதிக் குழப்ப வேண்டாம். முடிவை மட்டும் எழுதுங்கள். ஆனால் திருத்தம் தெளிவாக இல்லாமல் பேச்சு பாதியில் நின்றிருந்தால், அதுவும் ஆசிரியையிடம் கேட்க வேண்டிய பட்டியலில் சேரும்.

மேத்ஸில் சொன்ன முறை இன்னும் நுட்பமானது. ‘ஜியோமெட்ரி முடிச்சாச்சு, நம்பர்ஸ் மண்டே முடிச்சிருவேன்’ என்பது நடத்தியதைப் பற்றிய செய்தி. போர்ஷன் பற்றிய செய்தி கடைசியில் வரும் ‘அதுவும் சேத்துதான்’ என்ற இரண்டே சொற்கள். அதை விட்டுவிட்டால், நம்பர்ஸ் இன்னும் முடியவில்லை, ஆகவே தேர்வுக்கு இல்லை என்று பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். எழுத வேண்டியது: ஜியோமெட்ரி, நம்பர்ஸ் இரண்டும் உண்டு, நம்பர்ஸின் கடைசிப் பகுதி ஜூலை 14 திங்களன்றுதான் வகுப்பில் முடியும். இரண்டாம் பாதி வாக்கியம் தேவைதான். பிள்ளைக்கு இன்னும் நடத்தாததை ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து ஏன் தெரியவில்லை என்று கேட்காமல் இருக்க அது உதவும்.

‘புக் பேக்’ என்பது நம் ஊர்ப் பள்ளி வழக்கு. பாட முடிவில் அச்சிட்டிருக்கும் பயிற்சிக் கேள்விகள் என்பது நமக்குத் தெரியும். வேறு மாநிலத்தில் படித்தவருக்கு அது புத்தகத்தின் பின்னட்டை என்று தோன்றலாம். ‘ஒன் வேர்ட்’ என்றால் ஒரு மதிப்பெண் கேள்விகள், ‘ஃபேர் நோட்’ என்றால் திருத்தியபின் அழகாக எழுதும் நோட்டு. இவை ஆங்கிலச் சொற்களாக இருப்பதாலேயே மாற்றாமல் விட்டுவிடுகிறோம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு இவை புரியும் என்று நம்பிவிடக் கூடாது. என்ன பொருள் என்று நாலு சொல்லில் விரித்து எழுத வேண்டும். ‘போர்ஷன்’ என்பதையும் ‘தேர்வுக்கு உரிய பகுதி’ என்று ஒரு தடவை விளக்கிவிட்டால் போதும்.

யார் செய்ய வேண்டும், எவ்வளவு கட்டாயம்

தமிழ்ப் பேச்சில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நடக்கும். ‘போட்டுட்டு வரட்டும்’ என்றால் பிள்ளை. ‘கேட்டுட்டு சைன் பண்ணி அனுப்புங்க’ என்றால் பெற்றோர். ‘நான் பாத்துட்டுத்தான் எழுதணும்’ என்பதில் பார்ப்பது ஆசிரியை, எழுதுவது பிள்ளை. ஒரே வாக்கியத்தில் இரண்டு ஆட்கள். வினையின் முடிவே யாரென்று நமக்குக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் குறிப்பு கிடையாது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் பிள்ளை, பெற்றோர் என்று ஆளைப் போட்டே எழுத வேண்டும். மனப்பாடப் பாட்டை யார் சொல்வது, யார் கேட்பது என்று எழுதாவிட்டால், தமிழ் தெரியாத தாய் தானே அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கலங்கிப் போவார்.

கட்டாயத்தின் அளவும் வினையில்தான் இருக்கிறது. ‘ரஃப் நோட்ல போட்டா போதும்’ என்பது சலுகை. ‘எழுத வேணாம்’ என்பது பொதுவாகத் தேவையில்லை என்ற பொருளில் வரும். ஆனால் இங்கே அதையடுத்து ‘நான் பாத்துட்டுத்தான் எழுதணும்’ என்று வருகிறது. அந்த ‘தான்’ சேர்ந்ததும் இது சலுகை இல்லை, தடை. திருத்துமுன் ஃபேர் நோட்டில் ஏற்றக் கூடாது என்பதே பொருள். ‘வேணாம்’ என்பதை மட்டும் பார்த்து, விருப்பமிருந்தால் எழுதலாம் என்ற தொனியில் ஆங்கிலத்தில் எழுதினால், ஆர்வமுள்ள பெற்றோர் பிள்ளையை ஃபேர் நோட்டிலும் எழுத வைத்துவிடுவார். திங்களன்று பிள்ளை அடித்தல் திருத்தலோடு நிற்கும்.

‘போன டிக்டேஷன்ல அஞ்சு மார்க்குக்குக் கீழ வாங்குனவங்க மட்டும்’ என்பது நிபந்தனை. இந்தப் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று நமக்குத் தெரியாது. பொருந்தும் என்றோ பொருந்தாது என்றோ நாம் தீர்மானிக்காமல், எங்கே பார்ப்பது என்று எழுத வேண்டும்: டிக்டேஷன் நோட்டில் கடைசி மதிப்பெண்ணைப் பாருங்கள்; 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் பிள்ளை அந்தச் சொற்களை மூன்று முறை எழுதிக்கொண்டு போக வேண்டும்; 5 அல்லது அதற்கு மேல் என்றால் வேண்டியதில்லை.

எழுதி முடித்த செய்தி

குறிப்புகளெல்லாம் சேர்ந்தபின் ஆசிரியை பேசிய வரிசையை விட்டுவிடலாம். படிப்பவருக்கு எது முதலில் வேண்டுமோ அந்த வரிசையே சரி: முதலில் நாளைக்கான வேலை, பிறகு தேர்வு, கடைசியில் சந்தேகம். ஆங்கிலத்தில் போகும் செய்தியின் சாரம் தமிழில் இப்படி இருக்கும்:

வகுப்பாசிரியையின் வாய்ஸ் நோட், ஜூலை 11 வெள்ளி, இரவு 9.45.

சனி, ஜூலை 12: பள்ளி உண்டு. திங்கட்கிழமைக்குரிய புத்தகங்களைப் பையில் வைக்கவும்.

மேத்ஸ்: முதல் பருவப் புத்தகம், பக்கம் 63, கணக்கு 4, 5. பிள்ளை ரஃப் நோட்டில் மட்டும் செய்ய வேண்டும். ஆசிரியை திருத்தும்வரை ஃபேர் நோட்டில் எழுதக் கூடாது.

தமிழ்: மனப்பாடப் பாடல், 8 வரி. பிள்ளை பார்க்காமல் சொல்ல வேண்டும்; நீங்கள் கேட்டபின் டயரியில் கையெழுத்திட வேண்டும்.

டிக்டேஷன்: கடைசி மதிப்பெண் 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் மட்டும், அந்தச் சொற்களை மூன்று முறை.

மிட் டெர்ம் தேர்வு: ஜூலை 16 புதன், தமிழ்: பாடம் 1, 2, பாட முடிவிலுள்ள எல்லாப் பயிற்சிகளும், இலக்கணம் இல்லை. ஜூலை 17 வியாழன், இங்கிலீஷ்: யூனிட் 1, சப்ளிமென்டரி உண்டு, பொயம் இல்லை. மேத்ஸ்: ஜியோமெட்ரி, நம்பர்ஸ், நம்பர்ஸ் 14-ஆம் தேதி வகுப்பில் முடியும்.

உறுதி செய்ய வேண்டியது: மேத்ஸ் தேர்வு ஜூலை 19 சனியா, 21 திங்களா என்பது பதிவில் தெளிவில்லை. ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன்.

கடைசி வரியை எழுதக் கூச்சப்பட வேண்டாம். எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துக் காட்டினால்தான் மற்ற வரிகளை அந்தப் பெற்றோர் நம்பிப் பின்பற்ற முடியும். ஆசிரியையிடம் கேட்கும்போதும் ‘மேம், சரியாப் புரியல’ என்று பொதுவாகக் கேட்டால், இன்னொரு முழு வாய்ஸ் நோட்தான் வரும். “மேம், மேத்ஸ் டெஸ்ட் 19 சாட்டர்டேயா, 21 மண்டேயா?” என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். பதில் வந்ததும் ‘திங்கள்’ என்று மட்டும் தனியே அனுப்பாமல், அந்த வரியைத் திருத்தி முழுச் செய்தியையும் மறுபடி அனுப்புங்கள். இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்கும் வேலையை அவருக்கு வைக்க வேண்டாம்.

தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம்

மற்ற பாடங்களில் பக்கம் காட்டினால் போதும். அந்தப் பெற்றோரே பார்த்துக்கொள்வார். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாலும் அவரால் படிக்க முடியாது. பாடத் தலைப்பை ஆங்கிலத்தில் அழகாக மொழிபெயர்த்துக் கொடுத்தால் அது புத்தகத்தில் எங்கும் இருக்காது. தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே நகலெடுத்து, பக்கத்தில் பாட எண், தொடங்கும் பக்கம், முடியும் பக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். புத்தகத்தில் பக்க எண்கள் உலகெங்கும் வழங்கும் இலக்கங்களில்தான் இருக்கின்றன. அவற்றை அவர் கண்டுபிடித்துவிடுவார். தமிழ் எழுத்துத் தலைப்பைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

மனப்பாடப் பாடலை அவர் சரிபார்க்கவும் வழி உண்டு. எட்டு வரிகளில் ஒவ்வொன்றின் முதல் சொல்லையும் ஆங்கில எழுத்தில், ஒலிக்கும்படி எழுதிக் கொடுங்கள். பிள்ளை சொல்லும்போது அவர் அந்த எட்டுச் சொற்களையும் பார்த்துக்கொண்டே வருவார். வரி விட்டுப்போனாலோ வரிசை மாறினாலோ தெரிந்துவிடும். உச்சரிப்புப் பிழை தெரியாதுதான். அதற்கு ஆசிரியை இருக்கிறார். டயரியில் அவர் போடும் கையெழுத்து, கேட்டேன் என்று மனமறிந்து போடும் கையெழுத்தாக இருக்கும்.

குழுப் பதிவுகளில் சில நேரம் பிற பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், கட்டணப் பாக்கி போன்றவையும் வரும். அவற்றை எழுதி அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் பெற்றோரின் பிள்ளையைத் தொடுவது மட்டும் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்ஸ் நோட்டை விடச் சொல்லவில்லை. மூன்று சிறு பழக்கங்களைச் சேர்த்துக்கொண்டால் எழுதுகிறவரின் வேலையில் பாதி குறையும். பக்க எண்ணைச் சொன்னதும் இலக்கமாக உடைத்து இன்னொரு தடவை சொல்லுங்கள்: அறுபத்து மூணு, ஆறு மூணு. ‘நாளைக்கு’, ‘வர்ற புதன்’ என்பதோடு தேதியையும் சொல்லுங்கள். போர்ஷனைப் பாடவாரியாக, என்ன உண்டு என்று முதலில், என்ன இல்லை என்று பிறகு சொல்லுங்கள். இதனால் பதிவு கால் நிமிடம் நீளும். அதைக் கேட்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இரண்டாம் தடவை கேட்கும் தேவை இருக்காது.